உடம்பைவிடச் சின்னதாக எவ்வளவு வெட்டலாம்? லெக்கிங்ஸை வைத்து நெகட்டிவ் ஈஸ் கணக்கு

பிளவுஸும் சுடிதாரும் தைத்துப் பழகிய கைக்கு "லூஸ்" தானாக வந்துவிடும். உடம்பை அளந்ததும் அதோடு ரெண்டு இன்ச்சோ நாலு இன்ச்சோ சேர்த்துதான் சாக்பீஸைத் துணியில் வைப்போம். அந்த லூஸுக்குத்தான் பேட்டர்ன் போடுகிறவர்கள் ஈஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காட்டன் துணி இழுபடாது, அதனால் மூச்சு விடவும் கையைத் தூக்கவும் உட்காரவும் தேவையான இடத்தை நாம்தான் விட்டாக வேண்டும். பனியன் துணியில் அந்த இடம் துணிக்குள்ளேயே இருக்கிறது. அதன் கண்ணிகள் விரிந்து கொடுக்கும், உள்ளே லைக்ரா நூல் இருந்தால் விரிந்ததைத் திரும்ப இழுத்தும் வைக்கும். அதனால் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய ஆடையை உடம்பின் அளவைவிடச் சின்னதாக வெட்டுகிறோம். நெகட்டிவ் ஈஸ் என்றால் அவ்வளவுதான்.

எவ்வளவு சின்னதாக என்பதில்தான் எல்லோரும் மாட்டுகிறோம். நான் முதலில் தைத்த லெக்கிங்ஸில் பழைய பழக்கத்தில் லூஸ் விட்டேன், அது ஒரு மணி நேரத்தில் முட்டியில் பை போலத் தொங்கியது. அடுத்ததற்கு, துணி 50 சதவீதம் இழுபடுகிறதே என்று சீட்டை, அதாவது பின்பக்கத்தின் அகன்ற இடத்துச் சுற்றளவை, 40 இன்ச்சிலிருந்து 27-க்கு வெட்டினேன், அது தொடைக்கு மேல் ஏறவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் சரியான எண் எங்கே இருக்கிறது, அதை ஒவ்வொரு துணிக்கும் நாமே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை என் அக்காவுக்குத் தைத்த ஒரு லெக்கிங்ஸை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் துணியைக் கேளுங்கள்

திருப்பூர் காதர்பேட்டையில் துணி கிலோ கணக்கில் கிடைக்கும். நான் எடுத்தது 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் லைக்ரா, 220 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 220 கிராம், விரித்தால் 60 இன்ச் அகலம். இந்த எடையில் ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 3 மீட்டர் வரும், இரண்டு லெக்கிங்ஸ் தாராளமாக வெட்டலாம்.

வாங்கி வந்ததும் நீங்கள் வீட்டில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே ஒரு முறை துவைத்து, தொங்கவிடாமல் விரித்துப் போட்டுக் காய வையுங்கள். ரோலில் சுற்றியிருக்கும் பனியன் துணி இழுத்த நிலையிலேயே இருக்கும், அப்படியே அளந்தால் அது சொல்லும் எண் பொய். காய்ந்த பிறகும் ஒரு இரவு மேஜையில் சும்மா கிடக்கட்டும்.

அப்புறம் இழுவைச் சோதனை. துணியின் ஓரத்தில் செய்யாதீர்கள், ஓரம் வேறு மாதிரி இழுபடும். ஓரத்திலிருந்து ஏழெட்டு இன்ச் உள்ளே தள்ளி, அகலவாக்கில் இழுபடும்படி துணியை மடித்து, மடிப்பின் மேல் 4 இன்ச்சுக்கு இரண்டு குறி போடுங்கள். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, ஒரு குறியை 0-வில் அழுத்திப் பிடித்து மறு குறியை இழுங்கள். எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. கை "போதும்" என்று சொல்லும் ஒரு இடம் உண்டு. அதுவரை துணி எதிர்ப்பில்லாமல் வரும், அதற்கு மேல் மடிப்பு ஓரம் சுருளத் தொடங்கும், நிறம் வெளுக்கும், விரலில் பாரம் தெரியும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். நான் எடுத்த துணி 4-லிருந்து 6-க்கு வந்தது. 2 இன்ச் கூடியிருக்கிறது, 4-ல் 2 பாதி, ஆக இழுவை 50 சதவீதம்.

இழுவை பாதிச் செய்திதான். அதே இடத்தைப் பத்து தடவை இழுத்து விட்டு, ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எனக்கு 4 இன்ச்சும் ஒரு நூலும் வந்தது, ஒரு நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. இது நல்ல துணி. நாலரையில் வந்து நின்றுவிட்டால் அந்தத் துணி போகத் தெரியும், திரும்பி வரத் தெரியாது. அதில் எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும் மதியத்துக்குள் முட்டி தொங்கும், பின்பக்கம் தளரும். லைக்ரா இல்லாத சுத்த காட்டன் ரிப் இப்படித்தான். இழுத்தால் அள்ளிக்கொண்டு வரும், திரும்ப வராது. அதை லெக்கிங்ஸுக்கு எடுக்காதீர்கள்.

இதே சோதனையை நீளவாக்கிலும் செய்யுங்கள். எனக்கு அங்கே 40 சதவீதம் வந்தது. நீளத்தில் ஏன் பார்க்க வேண்டும் என்பது முட்டிக்கு வரும்போது புரியும். இன்னொன்று, ஒரே கடையில் ஒரே பெயரில் எடுத்தாலும் கறுப்பும் வெள்ளையும் ஒரே மாதிரி இழுபடும் என்று நம்ப வேண்டாம். சாயம் ஏறிய விதத்தில் மாறும். நிறம் மாறினால் சோதனையும் மறுபடி.

கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும்

நான் முதலில் தவறிய இடம் இது. 20 சதவீதம் சின்னதாக வெட்டினால் துணி 20 சதவீதம் இழுபடும் என்றுதான் மனசு நினைக்கும். போட்டுப் பாருங்கள்: 40-ல் 20 சதவீதம் குறைத்தால் 32. அந்த 32, உடம்பில் ஏறும்போது 40 ஆக வேண்டும். 8 இன்ச் கூட வேண்டும், ஆனால் 32-லிருந்து. அது 25 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு குறைத்து வெட்டினால் துணி 50 சதவீதம் இழுபட வேண்டியிருக்கும், பாதியாக வெட்டினால் 100 சதவீதம். கொஞ்சமாகக் குறைக்கும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, குறைக்கக் குறைக்க அது வேகமாக ஏறும்.

அதனால் "எத்தனை சதவீதம் குறைக்கலாம்" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நின்றுகொண்டிருக்கும்போது துணி எவ்வளவு இழுபட்டு நிற்க வேண்டும்" என்று கேளுங்கள். அதை முடிவு செய்ததும் உடம்பின் அளவை அந்த எண்ணால் வகுத்தால் ஆடையின் அளவு கிடைக்கும்.

```
ஆடை அளவு = உடம்பு அளவு ÷ (1 + நிற்கும்போது இழுவை)
40 ÷ 1.14 = 35.1
```

சரி, நிற்கும்போது எவ்வளவு? சோதனையில் வந்த இழுவையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. 50 சதவீதத் துணியில் அது 12-லிருந்து 17 வரை வரும். தினமும் போடும் லெக்கிங்ஸுக்கு நான் 14 எடுத்தேன். ஓட்டம், யோகா என்றால் 17 பக்கம் போகலாம், ஆனால் அதற்கு நைலான் லைக்ரா போன்ற இறுக்கமான துணியும் வேண்டும்.

மீதி மூன்றில் இரண்டு பங்கை ஏன் விட்டுவைக்கிறோம் என்றால், உடம்பு நின்றுகொண்டே இருப்பதில்லை. அக்காவுக்கு நிற்கும்போது சீட் 40, நாற்காலியில் உட்கார்ந்ததும் டேப் 43 காட்டியது. 35-க்கு வெட்டிய துணி அப்போது 23 சதவீதம் இழுபட்டிருக்கும். தரையில் சம்மணம் போட்டால் இன்னும் கொஞ்சம். துணிக்கு 50 வரை இடம் இருப்பதால் அது வலியில்லாமல் போய்த் திரும்பி வரும். நான் வெட்டிய அந்த 27 இன்ச் லெக்கிங்ஸில் நிற்பதற்கே 48 சதவீதம் போய்விட்டது, உட்கார ஒன்றும் மிச்சமில்லை. இன்னொரு காரணம், அதிகம் இழுபட்டால் கண்ணிகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். உள்ளாடையின் நிறம் தெரிவதெல்லாம் பெரும்பாலும் துணி மெல்லியது என்பதால் மட்டும் இல்லை, அளவு தப்பியதாலும்தான்.

எல்லா இடத்துக்கும் ஒரே எண் வேண்டாம்

14 சதவீதம் என்று முடிவானதும் மேலிருந்து கீழ்வரை அதையே போட்டுவிடத் தோன்றும். சீட்டுக்கும் தொடைக்கும் போடலாம், அதற்குக் கீழே குறையுங்கள். காரணம் எளிது. ஒரே ரப்பர் நாடாவை, இழுபட்டிருக்கும் அளவும் ஒன்றாகவே இருக்கும்படி, தடித்த உருளையில் ஒரு முறையும் ஒல்லியானதில் ஒரு முறையும் போட்டால் ஒல்லியானதைத்தான் அதிகம் அழுத்தும். துணியின் இழுப்பு ஒன்றாக இருந்தாலும் சுற்றளவு சிறுக்கச் சிறுக்க அழுத்தம் கூடும். தொடையில் சுகமாக இருக்கும் 14 சதவீதம், கணுக்காலில் சாயங்காலம் தழும்பாகப் பதிந்திருக்கும். போதாததற்கு தொடையில் சதை உண்டு, அது விட்டுக்கொடுக்கும், கணுக்காலில் எலும்பு. (டாக்டர் எழுதிக் கொடுக்கும் அழுத்தக் காலுறையை இந்தக் கணக்கில் வீட்டில் தைக்க முயல வேண்டாம், அது முற்றிலும் வேறு விஷயம்.)

அக்காவின் அளவுகளும் நான் எடுத்த முடிவும் இப்படி. டேப்பை இழுக்காமல், உள்ளாடைக்கு மேல், ஒட்டி மட்டும் பிடித்து அளந்தவை.

சீட் 40. அதை 1.14-ஆல் வகுத்தால் 35.1, நான் 35 வைத்தேன். தொடை 23.5, அதே எண்ணால் வகுத்து 20.5. முட்டி 15, இங்கே 1.11 எடுத்து 13.5. கெண்டைக்கால் 14, இங்கே 1.12 எடுத்து 12.5.

கணுக்காலில் கொஞ்சம் நிற்க வேண்டும். சுற்றளவு 9. 1.10-ஆல் வகுத்தால் எட்டேகால் வரை குறைக்கலாம் போலத் தெரியும். ஆனால் அந்த வாய்க்குள் முதலில் பாதம் போக வேண்டும். குதிகாலையும் பாதத்தின் மேல்மேட்டையும் சேர்த்துச் சாய்வாக டேப்பைச் சுற்றினால் அக்காவுக்கு 12.5 வந்தது. எட்டேகால் இன்ச் வாய் 50 சதவீதம் இழுபட்டாலும் 12.4 தான், அதுவும் மடித்துத் தைத்த ஓரம் வெறும் துணி அளவுக்கு இழுபடாது. அதனால் 8.75 வைத்தேன். அதற்கு 43 சதவீதம் போதும், பாதம் கொஞ்சம் நெருக்கிக்கொண்டு உள்ளே போகும். ஆக கணுக்காலில் அளவை முடிவு செய்வது கணுக்கால் இல்லை, குதிகால்.

இடுப்புக்கும் இதே நியாயம். இடுப்பு 34, ஆனால் அந்த வாய் சீட்டைத் தாண்டி மேலே வர வேண்டும். துணியை 31-க்கு வெட்டினேன், அது 46 வரை இழுபடும், 40-ஐத் தாராளமாகத் தாண்டும். உள்ளே ஒரு இன்ச் அகல எலாஸ்டிக் 30 இன்ச். இடுப்பில் பிடித்து நிறுத்துவது எலாஸ்டிக்கின் வேலை, அதைத் துணியிடம் கேட்டால் வயிற்றில் மடிப்பு விழும்.

தலைவழியாகப் போடும் ஸ்ட்ரெட்ச் பிளவுஸிலும் இதையேதான் பார்க்க வேண்டும். கொக்கி இல்லாத பிளவுஸின் கீழ்வாய், மார்புக்குக் கீழே உட்காரப் போகிறது என்பதற்காக அங்கே அளந்த எண்ணை மட்டும் வைத்து வெட்டினால், தோளையும் மார்பையும் தாண்டும்போது தையல் தெறிக்கும்.

நீளத்தில் நடப்பது

பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. பனியன் துணியை அகலத்தில் இழுத்தால் நீளத்தில் சுருங்கும். துண்டுத் துணியில் 10 இன்ச்சுக்கு 10 இன்ச் ஒரு சதுரம் வரைந்து, அகலத்தை 11.4 வரை இழுத்து, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீளத்தை அளந்து பாருங்கள். எனக்கு 9 இன்ச் 5 நூல் வந்தது. கிட்டத்தட்ட 4 சதவீதம் போய்விட்டது. அக்காவுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 37. 37-க்கே வெட்டியிருந்தால் போட்டதும் ஒன்றரை இன்ச் மேலே ஏறி நின்றிருக்கும். அதனால் 38.5. சுடிதார் மாடலில் கணுக்காலில் சுருக்கம் விழ வேண்டுமானால் அதற்கு மேல் நாலைந்து இன்ச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அகலத்தைக் குறைத்தோமே, நீளத்தையும் குறைக்கலாமே என்று செய்யாதீர்கள். ஒரு நூலை நின்றபடி தொடையின் நடுவிலிருந்து முட்டியின் மேல் வழியாக முன்காலின் நடு வரை வைத்து அளந்துவிட்டு, அதே இரண்டு புள்ளிகளைக் குந்தி உட்கார்ந்து அளந்தேன். 12 இன்ச் 16 ஆனது. முட்டியை முழுதாக மடக்கும்போது அங்கே தோலே மூன்றில் ஒரு பங்கு நீள்கிறது. துணி நீளவாக்கில் இழுபடாவிட்டால் அந்த 4 இன்ச்சை அது எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும், பின் இடுப்பிலிருந்து இழுத்துக்கொள்ளும். குனிந்தால் பின்னால் இறங்குகிற லெக்கிங்ஸின் கதை பாதி இதுதான். நாலு பக்கமும் இழுபடும் துணி வேண்டும் என்று சொல்வதற்கும், முன் இடுப்பிலிருந்து கவட்டை வழியாகப் பின் இடுப்பு வரையிலான அளவை நான் தொடாமல் விடுவதற்கும் இதுவே காரணம். அக்காவுக்கு அது 27, அப்படியே 27 வைத்தேன். அகலம் இழுபடும்போது சுருங்குகிற 4 சதவீதமே அங்கே தேவையான இறுக்கத்தைக் கொடுத்துவிடும்.

ஆனால் நீச்சல் உடையில் நீளத்தையும் குறைப்பார்கள். தண்ணீரில் நனைந்து பாரமாகிக் கீழே இறங்கும் என்பதால்.

வெட்டுவதும் தைப்பதும்

அதிகம் இழுபடும் திசை உடம்பைச் சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான் விதி. தையலுக்கு விடும் துணியை எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு சேருங்கள், அதையும் சேர்த்து வகுத்துவிடாதீர்கள். ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு நான் ஒவ்வொரு ஓரத்திலும் 2 நூல் விட்டேன்.

ஊசி பால் பாயின்ட்டாக இருக்கட்டும், சாதாரண ஊசி கண்ணியைக் குத்தி அறுத்துவிடும், துவைத்த பிறகு தையல் ஓரமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். ஓவர்லாக் இல்லாதவர்கள் சின்ன ஜிக்ஜாக் போடலாம். நேர்த்தையல் வேண்டாம். முழுசாகத் தைக்கும் முன் துண்டில் 4 இன்ச் தைத்து அதை 6-க்கு இழுத்துப் பாருங்கள். நூல் "டப்" என்று அறுந்தால் நூலின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு மறுபடி. துணி 50 சதவீதம் போய், தையல் 30-ல் நின்றுவிட்டால் உங்கள் ஆடையின் இழுவை 30 தான்.

போட்டுப் பார்த்து அளப்பது

இதை மட்டும் தயவுசெய்து செய்யுங்கள். எலாஸ்டிக் வைக்கும் முன், தைத்த லெக்கிங்ஸை மேஜையில் விரித்து சீட்டின் பின்பக்கம், தொடை, கெண்டைக்கால் மூன்றிலும் குறுக்குவாக்கில் சாக்பீஸால் சரியாக 4 இன்ச் கோடு போடுங்கள். பிறகு போட்டுக்கொண்டு, இன்னொருவரை அந்தக் கோடுகளை அளக்கச் சொல்லுங்கள். உடம்பின் மேல் துணி உண்மையில் எவ்வளவு இழுபட்டு நிற்கிறது என்று அந்தக் கோடு நேரடியாகச் சொல்லிவிடும், யூகமே வேண்டாம்.

அக்காவுக்கு சீட்டில் 4 இன்ச் கோடு நாலரைக்கு அரை நூல் மேலே காட்டியது. அது 14 சதவீதம், கணக்கு அப்படியே. உட்காரச் சொல்லி அளந்தேன், 4 இன்ச் 7 நூல். 22 சதவீதம், அதுவும் எதிர்பார்த்ததே. ஆனால் தொடையில் 4 இன்ச் 6 நூல் வந்தது, 19 சதவீதம். அக்காவே, "தொடைல மட்டும் பிடிக்குதுடி" என்றாள். கவட்டையிலிருந்து தொடையைச் சுற்றி மெல்லிய கோடுகள் விரிந்திருந்தன. பேட்டர்னை அளந்தால் 20.5 சரியாக இருந்தது. தைத்ததை அளந்தால் 19.75. வளைவான இடத்தில் ஓவர்லாக்கின் கத்தி ஒவ்வொரு ஓரத்திலும் 2 நூலுக்குப் பதில் 5 நூல் தின்றிருக்கிறது. இரண்டு ஓரத்துக்கும் சேர்த்து முக்கால் இன்ச் போயிற்று, அந்த முக்கால் இன்ச்தான் 14-ஐ 19 ஆக்கியது. வெட்டியதைத் திரும்பச் சேர்க்க முடியாது. கவட்டையில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தேன், அதன் அகலம் முக்கால் இன்ச்சுக்குச் சற்று கூடுதல். கோடுகள் மறைந்தன. இப்போது எல்லா லெக்கிங்ஸுக்கும் அந்தத் துண்டை முதலிலேயே வைத்துவிடுகிறேன், கவட்டையில் நாலு தையல் ஒரே புள்ளியில் மோதாமல் இருப்பதால் தையலும் நீடிக்கிறது.

கோட்டை அளக்காமலே கண்ணால் பிடிக்கக்கூடிய சில உண்டு. ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கண்ணாடியில் பாருங்கள். நிறம் வெளுத்தால் சீட் இறுக்கம். முட்டிக்குப் பின்னாலும் கணுக்காலுக்கு மேலும் வளையம் வளையமாகத் துணி சேர்ந்தால் நீளம் அதிகம், அல்லது அங்கே லூஸ். நடக்க நடக்க லெக்கிங்ஸ் கீழே இறங்கினால் எலாஸ்டிக்கை இறுக்குவதற்கு முன் சீட்டைப் பாருங்கள். இறுக்கமான துணி எப்போதும் சின்னச் சுற்றளவைத் தேடித்தான் நகரும். சீட்டில் மட்டும் ரொம்பக் குறைத்துவிட்டால் அது இடுப்பு நோக்கி ஏறும் அல்லது தொடை நோக்கி இறங்கும், இருந்த இடத்தில் இருக்காது. உடம்பை ஒட்டிய டி-ஷர்ட் அடிக்கடி சுருண்டு இடுப்புக்கு ஏறுவதும் இதனால்தான். அதில் மார்புக்கு 5, 6 சதவீதம் போதும், கீழ் ஓரத்தில் ஒன்றும் குறைக்க வேண்டாம், தோளைத் தொடவே வேண்டாம்.

காலையில் சரியாக இருந்து சாயங்காலம் முட்டி தொங்கினால் அது அளவின் குற்றமில்லை. துணி திரும்பி வரவில்லை. அதற்கு அளவை இறுக்கினால் தொங்கல் கூடத்தான் செய்யும்.

துணி மாறினால்

பேட்டர்ன் காகிதத்தின் மேல் "சீட் 40" என்று மட்டும் எழுதி மடித்து வைக்காதீர்கள். எந்தத் துணிக்குப் போட்டது என்பதையும் எழுதுங்கள். என்னுடையதில் "சீட் 40, இழுவை 50, வகுத்தது 1.14" என்று இருக்கும்.

ஏனென்றால் அடுத்த மாதம் அக்காவே வேறொரு துணியைக் கொண்டு வந்தாள். சுத்த காட்டன் இன்டர்லாக், தொட்டால் பஞ்சு போல இருந்தது, லைக்ரா கிடையாது. 4 இன்ச் 5.2-க்குத்தான் வந்தது, அதாவது 30 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு என்றால் 10, ஆனால் திரும்பி வருவது சுமாராக இருந்ததால் 7 மட்டும் எடுத்தேன். 40-ஐ 1.07-ஆல் வகுத்தால் 37.4. பழைய பேட்டர்னில் வெட்டியிருந்தால் 35. அது உட்காரும்போது 23 சதவீதம் கேட்கும், இருக்கும் 30-ல் தையலுக்கும் சேர்த்து அது பொறுக்காது. கணுக்காலோ இன்னும் மோசம். பாதம் 12.5, அதை 1.3-ஆல் வகுத்தால் 9.6. கணுக்காலே 9 தான். இந்தத் துணியில் கணுக்காலை ஒட்டிப் பிடிக்கும் லெக்கிங்ஸ் வரவே வராது, என்ன செய்தாலும் வாய் கணுக்காலைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். அக்காவிடம் இரண்டே வழி சொன்னேன், ஓரத்தில் 3 இன்ச் திறப்பு விட்டு பட்டன் வைக்கலாம், இல்லையென்றால் முட்டிக்குக் கீழே லூஸாக விட்டு வீட்டில் போடும் பேண்ட்டாகத் தைக்கலாம். பேண்ட்டாகவே தைத்துக் கொடுத்தேன், சீட்டுக்கு அந்த 37.4-ஐயும் வைக்காமல் 41 வைத்து.